குரூப் 4 தேர்வு: கோச்சிங்கா, வீட்டுப் படிப்பா? பணம் கட்டும் முன் ஒரு பழைய வினாத்தாளை எழுதிப் பாருங்கள்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பு வந்த அடுத்த நாளே பேருந்து நிலையச் சுவர்களில் 'புதிய பேட்ச் ஆரம்பம்' போஸ்டர்கள் வந்துவிடும். 'காசு கட்டிச் சேர்ந்துடு, அப்பதான் ஒழுங்கா படிப்பே' என்று வீட்டில் ஒரு குரல் சொல்லும். 'நான் ஸ்கூல் புக்கை மட்டும்தான் படிச்சேன், வேலை கிடைச்சுது' என்று நண்பர் வட்டாரத்தில் இன்னொரு குரல் கேட்கும். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால், அது அவரவர் கதை. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைக்கும் ஒருவர் அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

கோச்சிங் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே இங்கு உதவாது. கோச்சிங் மையத்தில் கிடைப்பவற்றில் தன்னிடம் இல்லாதது எது என்பதுதான் பணம் கட்டும் முன் தெரிய வேண்டியது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வினாத்தாளும் மூன்று வாரமும் போதும்.

குரூப் 4 எப்படிப்பட்ட தேர்வு?

பத்தாம் வகுப்புத் தகுதிக்கான ஒரே கட்டத் தேர்வு இது. மூன்று மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண். தமிழில் 100 கேள்விகள், பொது அறிவில் 75, கணக்கு மற்றும் மனத்திறனில் 25. ஒவ்வொரு சரியான விடைக்கும் ஒன்றரை மதிப்பெண். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது.

2025 ஜூலை 12-ல் நடந்த தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 3,935. எழுதியவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். எனவே 'பாஸ்' ஆவது இங்கு பெரிய விஷயமில்லை. தரவரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதுதான் வேலையைத் தீர்மானிக்கும். பத்துக் கேள்வி வித்தியாசத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் போய்விடுவார்கள்.

கோச்சிங் முடிவில் இந்தத் தேர்வின் இன்னொரு குணமும் முக்கியம். கேள்விகளில் பெரும்பகுதிக்கு அடிப்படை, 6 முதல் 10 வரையிலான சமச்சீர்ப் பாடநூல்கள். அவை textbooksonline.tn.nic.in தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் tnpsc.gov.in தளத்தில் இருக்கின்றன. ஆக, படிக்க வேண்டிய விஷயத்துக்காக யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அப்படியென்றால் கோச்சிங் கட்டணம் எதற்குப் போகிறது?

கட்டணத்துக்குக் கிடைப்பது நான்கு

ஒன்று, வரிசை. எதை முதலில் படிப்பது, எதை விட்டுவிடலாம் என்று சொல்வது. இரண்டு, விளக்கம். புரியாததை ஓர் ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது. மூன்று, கட்டாயம். ஞாயிறு காலை 9 மணிக்கு வந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி. நான்கு, தேர்வு. வாரா வாரம் டெஸ்ட் வைத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு நிலையைச் சொல்வது.

முழு கோர்ஸில் சேர்ந்தால் இந்த நான்குக்கும் சேர்த்துத்தான் பணம். ஆனால், எல்லோருக்கும் நான்கும் தேவைப்படாது. டெஸ்ட் மட்டும் தேவைப்படுகிற ஒருவர், ஏற்கெனவே புரிந்த பாடத்தை ஆறு மாதம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் பணமும் போகும், நேரமும் போகும். கணக்கு அடியோடு வராத ஒருவர் 'எல்லாம் யூடியூப்ல இருக்கு' என்று வீட்டிலேயே இருந்துவிட்டால், கடைசி வரை அந்த 25 கேள்விகள் அவருக்குப் பாரமாகவே இருக்கும்.

முதல் வேலை: தப்புகளைப் பிரிப்பது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முந்தைய குரூப் 4 வினாத்தாள் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுத வேண்டும். ஓஎம்ஆர் தாளையும் அச்செடுத்து வட்டங்களை நிரப்பினால் நல்லது. 200 கேள்விக்கு 180 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. வட்டம் நிரப்பும் நேரமும் அதற்குள்தான். 'இன்னும் ஒண்ணுமே படிக்கலையே' என்று தள்ளிப்போட வேண்டாம். படிக்காமல் எழுதினால்தான் உண்மை நிலை தெரியும்.

எழுதும்போதே, குருட்டாம்போக்கில் போட்ட விடைகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நாலில் ஒன்று சரியாக வரும். அந்த அதிர்ஷ்டத்தை அறிவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. புள்ளி வைத்தது சரியாக இருந்தாலும் தப்பு என்றே எண்ண வேண்டும்.

திருத்தி முடித்ததும் மொத்த மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, தப்புகளை நான்கு கூடையில் போட வேண்டும்.

முதல் கூடை, படிக்காதது. அந்தப் பாடத்தைப் பார்த்ததே இல்லை. இரண்டாவது, படித்தும் மறந்தது. ஊராட்சிகளுக்கான அரசியலமைப்புத் திருத்தம் 73-ஆ 74-ஆ என்று குழம்புவது இந்த வகை. (ஊராட்சிக்கு 73, நகராட்சிக்கு 74.) மூன்றாவது, புரியாதது. நான்காவது, தெரிந்தும் நேரம் போதாமலோ கவனக் குறைவாலோ விட்டது.

மூன்றாவதும் நான்காவதும் எளிதில் குழம்பும். ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் 12 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவர் 6 நாளில் முடிப்பார். இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? மூன்று நிமிடம் எடுத்து '4' என்று சரியாகப் போட்டால் அது வேகக் குறைவு. பழகினால் சரியாகிவிடும். 12-ஐயும் 6-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து '9' என்று போட்டால் அது புரியாமை. ஏனென்றால், ஒருவர் தனியாகவே 6 நாளில் முடிக்கும் வேலை, இன்னொருவர் கைகொடுத்தால் 9 நாளாக வாய்ப்பே இல்லை. இந்த இடத்தில் இன்னும் 50 கணக்குப் போட்டாலும் பயனில்லை. யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நாளில் எவ்வளவு பங்கு வேலை முடிகிறது என்று விளக்க வேண்டும்.

கூடைகளைப் பிரித்ததும் மருந்தும் தெரிந்துவிடும். படிக்காததற்கு நேரம் வேண்டும். மறந்ததற்கு டெஸ்ட் வேண்டும். புரியாததற்கு ஆசிரியர் வேண்டும். நேரம் போதாததற்குக் கடிகாரம் வைத்த பயிற்சி வேண்டும். வகுப்பறையில் உட்கார்ந்து பாடம் கேட்பது நேரடியாகத் தீர்ப்பது மூன்றாவது கூடையை மட்டும்தான்.

ஓர் உதாரணக் கணக்கு

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் 27 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பி.காம் படித்தவர். சம்பளம் 20,000 ரூபாய். வாரம் ஆறு நாள் வேலை. தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கிறது. அவர் பழைய வினாத்தாளை எழுதியதில் தமிழில் 68, பொது அறிவில் 31, கணக்கில் 9 என மொத்தம் 108 கேள்விகள் சரி. அதாவது 162 மதிப்பெண்.

தப்பு 92. பிரித்துப் பார்த்தால், படிக்காதது 39, மறந்தது 29, புரியாதது 15, நேரமும் கவனமும் போதாதது 9. புரியாத 15-ல் 10 கணக்குப் பகுதியில் இருக்கின்றன. மீதி 5 பொது அறிவில் பொருளாதாரமும் அரசியலமைப்பும்.

சேரலாம் என்று அவர் நினைத்திருப்பது கோவையில் ஒரு மையத்தின் ஞாயிறு வகுப்பு. கட்டணம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தனியார் கோச்சிங்குக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதைச் சேர்த்தால் 17,700. திருப்பூரிலிருந்து போய்வர பஸ், மதியச் சாப்பாடு என ஒரு ஞாயிறுக்கு 200 ரூபாய். 24 வாரத்துக்கு 4,800. மொத்தம் 22,500. ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது.

இன்னொரு வழி: பழைய பாடநூல்களும் அச்செடுக்கும் செலவும் 2,000 ரூபாய். டெஸ்ட் பேட்ச் மட்டும் 2,500. உள்ளூரில் ஒரு கணக்கு ஆசிரியரிடம், புரியாத பாடங்களுக்கு மட்டும் பத்து வகுப்பு, வகுப்புக்கு 300 என 3,000. மொத்தம் 7,500. ஊருக்கு ஊர் தொகை மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை ஒன்றுதான். இவருடைய 92 தப்புகளில் ஆசிரியர் தேவைப்படுவது 15-க்குத்தான். அந்த 15-க்காக மொத்த பாடத்திட்டத்துக்கும் வகுப்புக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

பணத்தைவிட நேரக் கணக்கு இன்னும் முக்கியம். வார நாளில் தினம் ஒன்றரை மணி, ஞாயிறு ஐந்து மணி என்று இவரால் வாரம் 14 மணி நேரம் ஒதுக்க முடியும். கோவை வகுப்புக்குப் போனால் ஞாயிறு முழுதும் போய்விடும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, வகுப்பு ஆறு மணி. வீட்டு வேலையும் துவைக்கிற துணியும் எங்கும் போகாது. அவை வார நாள் படிப்பில் வந்து விழும். 'வகுப்புல ஆறு மணி நேரம் படிச்சாச்சு' என்று தோன்றும். ஆனால் 39 கேள்விகளைக் காவு வாங்கிய 'படிக்காதது' கூடை அப்படியே இருக்கும்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. 'வேலையை விட்டுட்டு முழு நேரமா படிக்கலாமே' என்ற யோசனை. ஆறு மாதச் சம்பளம் 1,20,000 ரூபாய். கட்டணம், தங்கும் செலவு எல்லாம் அதற்கு மேல். தேர்வு முடிவு வரும்வரை ஆகும் மாதங்களும் அதோடு சேரும். சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று நியமனம் வரை இன்னும் நீளும். வீட்டில் வேறு வருமானம் இல்லாதவர் பத்தாம் வகுப்புத் தரத் தேர்வு ஒன்றுக்காக இந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் நஷ்டக் கணக்குதான்.

ஒழுங்கு: மூன்று வாரக் குறிப்பேடு

'வீட்ல இருந்தா படிக்க மாட்டேன்' என்று பலரும் சொல்வார்கள். அது உண்மையா என்று பார்க்க ஒரு சின்ன நோட்டு போதும். மூன்று வாரம், தினமும் இரண்டே எண்கள்: இன்று படிக்க நினைத்த நேரம், படித்த நேரம். போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்கார்ந்த நேரத்தை மட்டும்தான் எழுத வேண்டும். குறைந்த நாளில், ஏன் குறைந்தது என்று ஒரு வார்த்தை.

திருப்பூர்ப் பெண்ணின் நோட்டில் முதல் வாரம் 13 மணி, இரண்டாம் வாரம் 9, மூன்றாம் வாரம் 6 என்று இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 'பாத்தியா, உன்னால தனியா முடியாது' என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் காரணத்தைப் படிக்க வேண்டும். மாதத்தின் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி தாக்கலுக்கான கெடு. அந்த நாட்களை ஒட்டிக் கணக்குப் பிரிவில் இரவு ஒன்பது வரை வேலை இருந்திருந்தால், அவருக்கு ஒழுங்கு குறையவில்லை. நேரமே இருக்கவில்லை. கோச்சிங்கில் சேர்ந்திருந்தாலும் அந்த வாரத்தில் அவர் படித்திருக்க முடியாது. இதற்குத் தீர்வு, கெடு வாரங்களில் 7 மணி, மற்ற வாரங்களில் 16 மணி என்று அட்டவணையையே வேலைக்கு ஏற்ற மாதிரி போடுவதுதான்.

அதுவே, ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறந்து, 'ஒரு ரீல்ஸ் மட்டும்' என்று ஆரம்பித்துப் பத்தரைக்கு முடிந்த நாட்கள் பத்துக்கு மேல் இருந்தால் விஷயம் வேறு. நேரம் இருந்தது, கையை விட்டுப் போய்விட்டது. இவருக்கு வெளியிலிருந்து ஒரு கட்டாயம் தேவை. அதற்கும் வகுப்பு ஒன்றுதான் வழி என்றில்லை. நூலகத்தில் போய் உட்காருவதே பலருக்குப் போதும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவசமாகவே வகுப்பும் மாதிரித் தேர்வும் நடக்கின்றன. காசு கட்டும் முன் விசாரிக்க வேண்டிய முதல் இடம் அதுதான். வகுப்பு நேரம் வேலை நேரத்தோடு மோதுகிறதா என்பதை மட்டும் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும். இவை எதுவும் ஒத்துவராமல், பணம் கட்டினால்தான் மனசு வணங்கும் என்றால், கட்டணம் கொடுத்துச் சேர்வது நியாயமான முடிவு. எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

'எனக்குக் காதால கேட்டாத்தான் ஏறும்'

கோச்சிங்கில் சேர பலர் சொல்லும் காரணம் இது. சிலருக்குக் கண், சிலருக்குக் காது என்று கற்கும் பாணி பிறவியிலேயே அமைந்துவிட்டது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லர் தலைமையிலான குழு 2008-ல் இந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துப் பரிசீலித்தது. ஒருவருடைய பாணிக்கு ஏற்பச் சொல்லிக்கொடுத்தால் அவர் நன்றாகக் கற்கிறார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் அந்தக் குழுவின் முடிவு. கேட்கப் பிடிப்பது வேறு, கேட்டால் நினைவில் நிற்பது வேறு.

நினைவில் நிற்க எது உதவும் என்பதற்கு 2006-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனை நல்ல பதில் தருகிறது. மாணவர்களுக்கு ஒரு பத்தி கொடுக்கப்பட்டது. ஒரு முறை அதையே இரண்டு தடவை படிப்பது. இன்னொரு முறை ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுவது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்ததில் 81 சதவீதமும் எழுதிப் பார்த்ததில் 75 சதவீதமும் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தது 56 சதவீதம், திரும்பப் படித்தது 42 சதவீதம்.

வகுப்பில் கேட்டுவிட்டு வரும் அன்று எல்லாம் புரிந்த மாதிரி இருந்து, அடுத்த ஞாயிறு காணாமல் போவதற்கும், பாடநூலில் கலர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போய் டெஸ்டில் முழிப்பதற்கும் காரணம் ஒன்றே. இரண்டு இடத்திலும் நினைவிலிருந்து எடுக்கும் வேலை நடக்கவில்லை. எனவே 'மறந்தது' கூடை பெரிதாக இருப்பவருக்கு இன்னொரு முறை பாடம் கேட்பது மருந்தாகாது. ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதைப் பத்து வரியில் எழுத வேண்டும். விட்டுப்போனதைச் சிவப்பில் சேர்க்க வேண்டும். மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் அதையே வெற்றுத் தாளில் திரும்ப எழுதிப் பார்க்க வேண்டும். இதைக் கோச்சிங் போகிறவரும் செய்ய வேண்டும், போகாதவரும் செய்ய வேண்டும்.

கற்கும் பாணி என்று உண்மையில் கேட்டுக்கொள்ள வேண்டியது, சிக்கிக்கொண்டால் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைத்தான். கூட்டுவட்டிக் கணக்கு ஒன்று வரவில்லை. ஒருவர் பாடநூலில் தீர்த்துக் காட்டிய உதாரணத்தை வரி வரியாகப் பார்த்து அரை மணியில் பிடித்துவிடுகிறார். இன்னொருவர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார், அந்தப் பாடத்துக்குத் திரும்பி வருவதே இல்லை. முதலாமவர் தனியாகப் படிக்கலாம். இரண்டாமவருக்குக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அது ஆசிரியராகவும் இருக்கலாம், கணக்கு வரும் தோழியாகவும் இருக்கலாம்.

கோச்சிங் யாருக்கு?

புரியாத கூடை பெரிதாக இருப்பவருக்கு. 92-ல் 15 என்பதற்குப் பதிலாக 40, 45 என்று வந்து, அது எல்லாப் பாடத்திலும் பரவியிருந்தால் பத்து தனி வகுப்பில் தீராது. பள்ளிப் படிப்பு பாதியில் விட்டுப்போய்த் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இப்படி இருக்கலாம். வேறு மாநிலத்தில் படித்துவிட்டு வந்து தமிழ் இலக்கணத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கும் அப்படித்தான்.

விரிவாக எழுத வேண்டிய தேர்வுகளுக்குப் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறும். குரூப் 2 முதன்மைத் தேர்விலோ குரூப் 1-லோ எழுதிய விடையைப் படித்து, எங்கே குறை என்று சொல்ல இன்னொருவர் தேவை. விடைக்குறிப்பை வைத்து அங்கே தன்னைத்தானே திருத்திக்கொள்ள முடியாது. குரூப் 4-க்கு வீட்டுப் படிப்பு போதும் என்பதை வைத்துக்கொண்டு எல்லாத் தேர்வுக்கும் அதையே சொல்லக் கூடாது.

சேர முடிவெடுத்தால் மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்கலாம். முதலாவது, டெமோ வகுப்போடு நிறுத்தாமல், நடந்துகொண்டிருக்கும் ஒரு பேட்ச்சின் நடுவகுப்பில் உட்கார அனுமதி. டெமோவுக்கு மையத்தின் சிறந்த ஆசிரியர்தான் வருவார். பாடம் எடுப்பவர் வேறொருவராக இருக்கலாம். இரண்டாவது, டெஸ்ட் முடிந்ததும் தப்பான விடைகளை விளக்குகிறார்களா, மதிப்பெண் பட்டியலோடு முடிந்துவிடுகிறதா? மூன்றாவது, தவணை உண்டா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சொல்லும் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

வாசலில் தொங்கும் வெற்றியாளர் படங்களைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்கலாம்: 'இவர் உங்களிடம் எந்த கோர்ஸ் படித்தார்?' முழு கோர்ஸ் படித்தவரும் இருப்பார், ஒரே ஒரு மாதிரித் தேர்வு எழுதியவரும் இருப்பார். படம் மட்டும் ஒரே அளவில் இருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, விளம்பரத்தில் வரும் வெற்றியாளர் எந்த கோர்ஸில் சேர்ந்தார், அது கட்டணம் செலுத்திய கோர்ஸா என்பதையெல்லாம் மையம் சொல்லியாக வேண்டும். தேர்ச்சிக்குப் பிறகு அவர் எழுத்துபூர்வமாகச் சம்மதித்தால்தான் படத்தைப் போடலாம். பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

எட்டாவது வாரம் மறுபடி ஒரு வினாத்தாள்

எந்த வழியில் போனாலும், எட்டு வாரம் கழித்து வேறொரு ஆண்டு வினாத்தாளை அதேபோல் எழுதி, அதேபோல் நான்கு கூடையில் பிரிக்க வேண்டும். எடுத்த முடிவு சரியா என்று அப்போது தெரிந்துவிடும்.

கோச்சிங்கில் சேர்ந்தவருக்குப் 'புரியாதது' கூடை சுருங்கியிருக்க வேண்டும். அது அப்படியே இருந்து, 'மறந்தது' மட்டும் பெருகியிருந்தால் அவர் பாடம் கேட்கிறார், படிக்கவில்லை என்று அர்த்தம். வகுப்பைக் குறைத்து வீட்டு நேரத்தைக் கூட்ட வேண்டும். வீட்டில் படிப்பவருக்குப் 'படிக்காதது' கூடை சுருங்கியிருக்க வேண்டும். டெலிகிராமில் சேர்ந்த பிடிஎஃப் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியும் அந்தக் கூடை அசையவில்லை என்றால், சேகரிப்பதையே படிப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். திருப்பூர்ப் பெண்ணுக்குக் கணக்கில் 10-ஆக இருந்த புரியாமை 3-ஆகக் குறைந்திருந்தால் பத்து வகுப்புக்குக் கொடுத்த 3,000 ரூபாய் வேலை செய்திருக்கிறது. 9-ல் நின்றால் ஆசிரியரை மாற்ற வேண்டும். தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும்போதே அதைத் தெரிந்துகொண்டால், மாற்றிப் பார்க்க அவகாசமும் இருக்கும்.